இறுகிப்போன கேபிள் டையை வயரில் கீறல் விழாமல் எடுப்பது: பைக் ஹேண்டில் கழுத்தில் மூன்று டைகள்

வேலைக்கு வந்தது ஒரு 125 சிசி பைக். ஹேண்டிலை இடது பக்கம் முழுக்கத் திருப்பினால் ஹாரன் நின்றுவிடும், நேராக்கினால் திரும்ப அடிக்கும். ஹெட்லைட்டைக் கழற்றிப் பார்த்தால் காரணம் கண்ணெதிரே இருந்தது. எப்போதோ போட்ட ஃபாக் லேம்ப்பின் இரண்டு வயர்களையும் கம்பெனி வயரிங் கிட்டோடு சேர்த்து, ஹேண்டில் நேராக இருந்த நிலையிலேயே, கழுத்துக் குழாய் அருகே மூன்று கேபிள் டை போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். ஹேண்டில் திரும்பும்போது வயர் கொஞ்சம் நகர்ந்து கொடுக்க வேண்டும். இங்கே நகர வழியில்லை. அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் டையின் ஓரத்தில் அதே இடம் மடங்கி, மேல் உறை முழுசாக இருக்கும்போதே உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருக்கின்றன.

அறுந்த வயரை மாற்றுவது தெரிந்த வேலை. அதற்கு முன் மூன்று டைகளையும் எடுக்க வேண்டும். பல பைக்குகளில் புதுப் பழுது முளைப்பது இந்த இடத்தில்தான். இன்றைய வாகன வயரில் 0.5 சதுர மி.மீ. வயரின் உறைத் தடிமன் சுமார் 0.28 மி.மீ. மட்டுமே. வீட்டு வயரிங்கில் 1.5 சதுர மி.மீ. வயருக்கு 0.7 மி.மீ. உறை உண்டு, அங்கே கை கொஞ்சம் தவறினாலும் தாங்கும். இங்கே தாங்காது.

வழக்கமாகச் செய்வது நிப்பரின் ஒரு தாடையைப் பட்டையின் அடியில் நுழைத்து நறுக்குவது. தளர்வான டைக்கு இது போதும். இறுகிய டையில் பட்டைக்கும் வயருக்கும் நடுவே இடைவெளியே கிடையாது, தாடையின் நுனிக்கோ எவ்வளவு சிறியதானாலும் கொஞ்சம் தடிமன் உண்டு. அழுத்தி நுழைத்தால் நுனி பட்டையோடு சேர்த்து ஒரு வயரையும் அள்ளிக்கொள்ளும். மேலிருந்து பார்க்கும்போது அது தெரியாது. இன்னொன்று, பட்டை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமனுள்ள நைலான். அதை அறுக்கக் கொடுக்கும் அழுத்தம் பட்டை விட்ட கணத்தில் நின்றுவிடாது. அதே விசையில் தாடை மூடும்போது அடியில் இருக்கும் மென்மையான பிவிசி அறுபட்டது கைக்குத் தெரியவே தெரியாது. கட்டர் கத்தியால் மேலிருந்து அறுப்பதிலும் இதே சிக்கல்தான்: கடினமானது மேலே, மெல்லியது கீழே, கத்தியின் கூர் நேராக வயரைப் பார்த்து இறங்குகிறது.

ஆகவே பட்டையை விட்டுவிட்டுத் தலையைப் பார்க்க வேண்டும். டையில் வயரைத் தொடாமல் வெளியே துருத்தி நிற்கும் பகுதி அது ஒன்றுதான். 3.6 மி.மீ. அகலமுள்ள டையில் தலை நாலைந்து மில்லிமீட்டர் உயரம் எழும்பி நிற்கும். தலையின் நடுவே ஒரு துளை, துளையின் ஒரு சுவரில் கீல் போல வளையும் ஒரு சிறு நாக்கு. பட்டை வயர்ப் பக்கத்திலிருந்து துளைக்குள் நுழைந்து வெளிப்பக்கம் வருகிறது. நாக்கின் அடி வயர்ப் பக்கத்தில் ஒட்டியிருக்கும், அதன் நுனி வெளிப்பக்கத்தைப் பார்த்திருக்கும். பட்டையை இழுக்கும்போது நாக்கு ஒதுங்கி வழிவிடும். பின்னால் தள்ளினால் நாக்கின் பற்கள் பட்டையின் பற்களில் மாட்டிக்கொண்டு, இழுவை கூடக் கூட இன்னும் இறுகும். சாதாரண டையில் பட்டையின் பற்கள் வயரைப் பார்த்த பக்கத்தில் இருக்கும். துளைக்குள் அந்தப் பற்கள் எந்தச் சுவரைப் பார்க்கின்றனவோ அந்தச் சுவரில்தான் நாக்கு. டையின் பட்டை தலையிலிருந்து புறப்படும் பக்கம் அது. தலையை நேர் மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் பட்டை, நாக்கு, இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய கோடு, மூன்றும் தெரியும். நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் பளபளவென்று உலோகம் தெரிந்தால் அது எஃகுக் கொக்கி வைத்த டை. அதற்குக் கீழே சொல்லும் முதல் இரண்டு வழிகளும் பயன்படாது, தகடு வைத்துப் பட்டையைக் கீறும் மூன்றாவது வழிதான்.

தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி ஒதுக்கி வைக்க வேண்டும். 12 வோல்ட் ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஸ்க்ரூ டிரைவர் நுனி பாசிட்டிவ் வயரின் உறைக்குள் போனால் ஃபியூஸ் போகும், ஃபியூஸுக்கு முந்தைய வயரானால் வயரே எரியும். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் டையின் தலையைச் சுத்தம் செய்ய வேண்டும். கழுத்துப் பகுதியில் கிரீஸும் மண்ணும் கலந்து துளைக்குள் இறுகியிருந்தால் நாக்கு ஒதுங்க இடமே இருக்காது.

முதல் டை முன்பக்கம், தலை நம்மைப் பார்த்து நின்றது. வாலை ஒட்ட நறுக்கியிருந்தார்கள். வால் இல்லையே, எதைப் பிடித்து இழுப்பது என்று பலரும் இந்த மாதிரி டையில் நேராக நிப்பரை எடுப்பார்கள். உண்மையில் ஊசி வேலைக்கு இதைவிட வசதியான டை கிடையாது. வால் நீளமாக இருந்தால் அத்தனை பற்களும் நாக்கைக் கடந்து பின்னால் போக வேண்டும். ஒட்ட நறுக்கிய டையில் நாக்குக்கு வெளியே மிஞ்சியிருப்பது இரண்டு மூன்று பற்கள்தான். நாக்கை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு பட்டையை இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னால் விட்டால் டை மொத்தமாகக் கழன்று விழும்.

இதற்கான கருவி வாட்ச் கடைக்காரர் வைத்திருக்கும் சின்னத் தட்டை ஸ்க்ரூ டிரைவர். 3.6 மி.மீ. டைக்கு 1.2 அல்லது 1.4 மி.மீ. நுனி சரியாக இருக்கும். 2.5 மி.மீ. அகல டைக்கு அதுவும் பெரிது, ஊக்கு ஒன்றின் முனையை இரும்பின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கிக்கொள்ள வேண்டும். தட்டாத கூர் ஊக்கு நாக்குக்கும் பட்டைக்கும் நடுவே வழுக்கிப் போகாமல் நாக்கிலேயே குத்தி நின்றுவிடும். எந்தக் கருவியானாலும் நுனியில் 3 மி.மீ. மட்டும் விட்டு அதற்கு மேல் நாலைந்து சுற்று இன்சுலேஷன் டேப் சுற்ற வேண்டும். இதை விட்டுவிடக் கூடாது. தலையின் துளை நேராக வயர்க் கட்டின் மேல் போய்த் திறக்கிறது, நாம் குத்தும் திசையும் அதுதான். நாக்கு சட்டென்று விட்டுக்கொடுத்தால் நுனி துளையைத் தாண்டி வயரில் இறங்கும். டேப் சுற்றிய கழுத்து தலையின் மேல் முட்டி அதைத் தடுத்துவிடும். ஊசியால் எடுப்பது பத்திரமான வழி என்று நினைத்துச் செய்தும் வயரில் குண்டூசித் துளை விழுவது இப்படித்தான்.

நாக்கின் மேல் இழுவை இருக்கும்வரை அது அசையாது. பலவந்தமாக நெம்பினால் ஸ்க்ரூ டிரைவர் வளையும். அதனால் முதலில் தலைக்கு இருபுறமும் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் வயர்க் கட்டை அமுக்கி, கட்டின் சுற்றளவைச் சிறிதாவது குறைக்க வேண்டும். இன்சுலேஷன் மென்மையானது, அரை மில்லிமீட்டர் கிடைக்கும், அது போதும். வால் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் நோஸ் பிளேயரால் அதைப் பிடித்து இன்னும் இறுக்குவது போல அரைப் பல் இழுத்துப் பிடிக்கலாம், இழுவை நாக்கிலிருந்து கைக்கு மாறிவிடும். அந்த நிலையில் நுனியை நாக்குக்கும் பட்டைக்கும் நடுவில் தெரிந்த கோட்டில் விட்டு இரண்டு மில்லிமீட்டர் இறக்கி, கைப்பிடியைப் பட்டையின் பக்கம் சாய்க்க வேண்டும். நுனி எதிர்ப்பக்கம் போய் நாக்கைச் சுவரோடு சேர்த்து அழுத்தும். இப்போது கட்டை அமுக்கிய விரல்களை மெல்ல விட்டால் வயர்களின் விரிவே பட்டையைப் பின்னால் இழுக்கும். ஒரு பல் நகர்ந்தது விரலுக்குத் தெரியும். ஒரு பல் நகர்ந்ததும் கருவியை உருவிவிட்டால் நாக்கு அடுத்த பல்லில் மாட்டிக்கொள்ளும், வால் முழுக்கத் துளையை விட்டுப் போகும்வரை சாய்த்தே பிடித்திருக்க வேண்டும். வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் காய்ந்த டையில் நாக்கு வளையாமல் முறிந்தே போகும். அதுவும் நமக்கு நல்லதுதான், பட்டை உடனே உருவிக்கொண்டு வந்துவிடும்.

இரண்டாவது டைதான் நேரம் எடுத்தது. அதன் தலை உட்புறம், கழுத்துக் குழாயை ஒட்டிப் போயிருந்தது. மேல் முகத்தைப் பார்க்கவே முடியாது, ஊசிக்கு இடமில்லை. தலையை நம் பக்கம் திருப்ப வேண்டும். ஆனால் இறுகிய பட்டையின் பற்கள் பிவிசியில் பதிந்திருக்கும்போது பிளேயரால் பிடித்துத் திருகினால் பற்களே உறையைச் சுரண்டும். இங்கே கைகொடுத்தது அந்த ஃபாக் லேம்ப் வயர்கள். எப்படியும் கழற்றப் போகிற வயர்கள் அவை. இரண்டையும் அவற்றின் இரு முனையிலும் தடம் பார்த்து, வேறெதுவும் அவற்றில் சேர்க்கப்படவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு முனையில் கனெக்டரை நறுக்கிவிட்டு மறு முனையைப் பிடித்து நீளவாக்கில் உருவினோம். முதல் வயர் கொஞ்சம் முரண்டு பிடித்தது, சோப்புத் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டதும் வழுக்கி வந்தது. இரண்டாவது எளிதாக வந்தது. பதினொரு வயர் இருந்த கட்டில் இரண்டு வெளியேறியதும் டை தளர்ந்து, விரலாலேயே சுற்றித் தலையை வெளிப்பக்கம் கொண்டுவர முடிந்தது. இறுகிய கட்டில் வேண்டாத வயர் ஒன்று இருக்கிறதா என்று முதலில் தேடுவது நல்ல பழக்கம். ஒரு வயர் போனாலும் பட்டையின் இறுக்கம் கொஞ்சம் விடும். வேண்டிய வயரை இப்படி உருவக் கூடாது, இழுவையில் ஏற்கெனவே பலவீனமான இழைகள் அறுந்துபோகும்.

தலை வெளியே வந்தும் ஊசி வேலை செய்யவில்லை. யாரோ ஏற்கெனவே துளையை நெம்பி நாக்கு நசுங்கியிருந்தது. இந்த நிலையில் தலையையே சீவிவிடலாம். இதற்குத் தேவை எலெக்ட்ரானிக்ஸ் வேலைக்கான சின்ன நிப்பர், 5 அங்குல அளவு, ஒரு முகம் தட்டையாக இருப்பது. பெரிய கட்டிங் பிளேயரின் தாடை தடிமனால் தலையைப் பாதி உயரத்தில் பிடிக்க முடியாது, வழுக்கி மேலேறிவிடும்.

நிப்பரை வயர்க் கட்டின் மேல் படுக்க வைத்தது போலப் பிடிக்க வேண்டும். இரண்டு கூர்முனைகளும் தலையின் இரு பக்கச் சுவர்களில், பாதி உயரத்தில், கட்டிலிருந்து இரண்டு மில்லிமீட்டராவது மேலே நிற்க வேண்டும். தட்டை முகம் வயரைப் பார்த்திருந்தால் இந்த உயரத்தைக் கண்ணால் அளக்க எளிது. இப்படிப் பிடித்தால் தாடைகள் மூடும் திசை வயர்க் கட்டுக்கு இணையாகவே இருக்கும். நைலான் பட்டென்று விட்டாலும் கூர்முனை கூர்முனையைத்தான் சந்திக்கும், வயரை நோக்கி இறங்காது. ஒரே அழுத்தில் வெட்ட முயல வேண்டாம். மெல்ல அழுத்திப் பாதி போனதும் விட்டு, நிப்பரைச் சிறிது நகர்த்தி மறுபடி அழுத்தினால் தலையின் மேல் பாதி தனியே வந்துவிடும். நாக்கின் பற்கள் மேல் பாதியில் இருப்பதால் அதோடு பிடிப்பும் போய்விடும், மிச்சமுள்ள வளையத்திலிருந்து பட்டை தானாக உருவிக்கொள்ளும். வெட்டும்போது நிப்பரைத் திருகவோ ஆட்டவோ கூடாது. சீவிய துண்டு வேகமாகத் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். ஹெட்லைட் கூட்டுக்குள் விழுந்த துண்டைத் தேடி எடுப்பது எரிச்சலான வேலை, அதனால் வெட்டும்முன் தலையின் மேல் ஒரு விரலோ துணியோ வைத்துக்கொள்வது உத்தமம்.

மூன்றாவது டை 4.8 மி.மீ. அகலம், வயர்க் கட்டையும் சட்டக் குழாயையும் சேர்த்துக் கட்டியது. பார்க்க இதுதான் பயமுறுத்தும், வேலை இதில்தான் குறைவு. பட்டையின் ஒரு பாதி குழாயின் மேல்தான் போகிறது, அதன் அடியில் வயரே இல்லை. குழாயின் பின்பக்கம் பட்டையை நறுக்கியாயிற்று, பெயிண்டில் ஒரு சின்னக் கோடு விழுந்தது, அவ்வளவுதான். குழாயையும் வயர்க் கட்டையும் சேர்த்துக் கட்டும்போது இரண்டுக்கும் நடுவில் பட்டை எதையும் தொடாமல் நேராகப் பாலம் போலப் போகும் இடமும் உண்டு. அங்கே வெட்டினால் பெயிண்டும் தப்பும்.

தலையும் எட்டவில்லை, உருவி எடுக்கக்கூடிய பயனற்ற வயரும் இல்லை, பட்டை முழுக்க வயர் மேலேயே போகிறது என்றால்தான் பட்டையை வெட்டும் யோசனைக்கே வர வேண்டும். அப்போதும் அடியில் ஒரு காவல் வேண்டும். டாப்பெட் செட் பண்ண வைத்திருக்கும் ஃபீலர் கேஜின் 0.10 மி.மீ. தகடு இதற்குப் பொருத்தமானது. தலையின் கழுத்தை ஒட்டி, பட்டை வளைந்து உள்ளே நுழையும் இடத்தில் ஒரு சின்ன முக்கோண இடைவெளி எப்போதும் இருக்கும். தலை நேர்கோடு, வயர்க் கட்டு வட்டம், இரண்டும் முழுதாக ஒட்டாது. தகட்டை அந்த இடைவெளியில், வயரின் நீளத்தோடு இணையாகத் தள்ளி, பட்டையின் மறுபக்கம் வெளியே வரும்வரை செலுத்த வேண்டும். தகட்டின் முனை மூலைகளைச் சாணைக்கல்லில் தேய்த்து உருட்டிவிட வேண்டும், இல்லையென்றால் காவலே கீறும். பிறகு கட்டர் கத்தியில் புது பிளேடு போட்டு, பட்டையின் குறுக்கே ஒரே கோட்டில் நாலைந்து முறை லேசாகக் கீற வேண்டும். முக்கால் ஆழம் போனதும் நிறுத்தி, கீறலின் இருபுறமும் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் பட்டையை ஓரத்திலிருந்து நெம்பினால் கீறிய கோட்டில் பிளந்துகொள்ளும். கடைசிக் கால் மில்லிமீட்டரைக் கத்தியால் முடிக்கப் பார்க்க வேண்டாம். தகடு அடியில் இருக்கிறது என்ற தைரியத்தில் பலமாக அழுத்தினால் கத்தி தகட்டின் ஓரத்தில் வழுக்கி வெளியே இறங்கும்.

லைட்டரும் சால்டரிங் அயர்னும் இந்த வேலைக்கு ஆகாது. டையின் நைலான் உருகுவது சுமார் 260 டிகிரி செல்சியஸில், பிவிசி அதற்கு வெகு முன்பே இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தலையை நோஸ் பிளேயரால் பிடித்து முறுக்கி உடைப்பதையும் சிலர் செய்கிறார்கள். 2.5 மி.மீ. டை உடையத்தான் செய்யும். ஆனால் உடையும்வரை அந்த முறுக்கு முழுவதும் பட்டையை இன்னும் இறுக்குகிறது, கட்டில் கோஆக்சியல் கேபிளோ ஏபிஎஸ் சென்சார் வயரோ இருந்தால் நசுங்கிவிடும்.

டை போன பிறகு வயர்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பட்டை இருந்த இடத்தில் பல் வரிசையாகப் பதிந்த தடம் இருக்கும், அது வெறும் அழுத்தத் தடம், பயப்பட வேண்டாம். கீறலா தடமா என்று தெரிய, அந்த இடத்தை வெளிப்பக்கம் வருமாறு வில்லாக வளைத்துப் பார்க்க வேண்டும். தடம் அப்படியே இருக்கும், கீறல் வாய் திறக்கும். கண்ணுக்குத் தெரியாத துளைச் சந்தேகம் இருந்தால் வயரின் இரு முனைக் கனெக்டர்களையும் பிரித்துவிட்டு, சந்தேகமான இடத்தில் குழாய்த் தண்ணீரில் நனைத்த பஞ்சைச் சுற்றி, மல்டிமீட்டரை 20 மெகா ஓம் ரேஞ்சில் வைத்து, ஒரு முனையைப் பஞ்சிலும் மறு முனையை வயரின் டெர்மினலிலும் வைக்க வேண்டும். எண் எதுவும் வராமல் திறந்த நிலையே காட்டினால் உறை நன்றாக இருக்கிறது. சில நூறு கிலோ ஓம் போல ஏதாவது எண் வந்தால் செம்பு வரை வழி இருக்கிறது. ஆர்ஓ தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது, அதை வைத்துப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. அதேபோல மீட்டர் முனையிலும் டெர்மினலிலும் ஒரே நேரத்தில் வெறும் விரல் பட்டால் உடம்பின் வழியே எண் வரும்.

இந்த பைக்கில் கீறல் எதுவும் இல்லை. ஹாரன் வயரில் மட்டும் முதல் டையின் ஓரம் இருந்த இடம் விரலுக்குக் குழைவாக இருந்தது. நல்ல வயரைப் பிடித்து வளைத்தால் விறைப்பாக நிற்கும், இழைகள் அறுந்த இடம் வெறும் பிவிசிக் குழாய் போலத் துவளும். அந்த இடத்தில் 60 மி.மீ. வெட்டி எடுத்து, அதே தடிமனில் 100 மி.மீ. புது வயர் சேர்த்து, இரண்டு இணைப்புகளையும் ஹேண்டில் திரும்பும்போது மடங்காத பகுதிக்குத் தள்ளி, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டாயிற்று.

திரும்பக் கட்டும்போது கழுத்து அருகே டையே போடவில்லை. அங்கே வயரிங் கிட்டுக்கான துணி டேப் மட்டும். ஹெட்லைட் கூட்டின் உள்ளே ஒரு டை, சட்டத்தில் கம்பெனி கொடுத்த கிளிப் அருகே இன்னொன்று. இரண்டையும் போடும்முன் ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, வயர் அதிகம் இழுபடும் நிலையில் வைத்துத்தான் இடம் குறித்தோம். டையைக் கட்டி முடித்த பின் வயர்க் கட்டைப் பிடித்துத் தள்ளினால் டைக்குள் வயர் நகர வேண்டும், டை தானாக வழுக்கக் கூடாது. அந்த அளவு இறுக்கம் போதும். தலையை வெளிப்பக்கம் பார்க்க வைத்து, வாலை நிப்பரின் தட்டை முகம் தலையை ஒட்டியிருக்கும்படி நறுக்கினோம். சாய்வாக நறுக்கிய வால் பிளேடு மாதிரி இருக்கும், அடுத்து ஹெட்லைட் பல்ப் மாற்ற உள்ளே கைவிடுபவரின் விரலைக் கிழிக்கும்.